ஒரு மாநிலத்தின் அதிகாரம் கடலில் எதுவரை செல்லும்?

2024 நவம்பர் இறுதியில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் கடலடிக் கனிமங்களுக்கான முதல் ஏலத்தை அறிவித்தது. மொத்தம் 13 தொகுதிகள். அவற்றில் மூன்று, கேரளத்தின் கொல்லம் கடற்பகுதியில் கட்டுமான மணல் எடுப்பதற்கானவை. அடுத்த மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் இதை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கொல்லத்து மீனவர்கள் மீன் பிடிக்கும் கடல் அது. கேரளக் கரையோரக் கடலில் மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் சட்டமும் கேரளச் சட்டமன்றம் இயற்றியதுதான். அப்படியிருக்க மணலை ஏலம் விட டெல்லிக்கு எப்படி உரிமை வந்தது?

கேள்வி நியாயமானது. கடலில் அதிகாரம் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால்தான் பதில் பிடிபடும். கரையில் ஒரு மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் அடுத்த மாவட்டம், அவ்வளவுதான். கடலில் அப்படி ஒரே கோடு கிடையாது. ஒவ்வொரு அதிகாரமும் வெவ்வேறு தூரத்தில் முடிகிறது. ஒரே இடத்தில் மேலே ஓடும் கப்பலுக்கு ஒரு சட்டம், நடுவே நீந்தும் மீனுக்கு இன்னொன்று, அடியில் கிடக்கும் மணலுக்கு வேறொன்று என்றுகூட இருக்கும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தச் சிக்கல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது கேரளக் கடலில்தான். அதையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

## அளவை எங்கிருந்து தொடங்குகிறது

கடலில் தூரத்தை கடல் மைலில் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். செய்தியில் "12 மைல்" என்று வந்தால் அது சுமார் 22 கிலோமீட்டர். "200 மைல்" என்றால் சுமார் 370 கிலோமீட்டர். சாலை மைலாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும்.

அளக்கத் தொடங்கும் இடத்துக்கு அடிக்கோடு என்று பெயர். பொதுவாக, கடல் நன்றாக வற்றி நிற்கும்போது நீர் எங்கே நிற்கிறதோ அந்தக் கோடுதான் அடிக்கோடு. ஆனால் கரை வெட்டுப்பட்டு உள்ளே வெளியே போய்வந்தாலோ, கரையை ஒட்டித் தீவுகள் வரிசையாக இருந்தாலோ, வெளிமுனைகளை நேர்கோடுகளால் இணைத்து அதையே அடிக்கோடாக வைத்துக்கொள்ள 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அனுமதிக்கிறது. இந்தியா தன் அடிக்கோட்டுப் புள்ளிகளை 2009 மே மாதம் அரசிதழில் வெளியிட்டது.

இதனால் வரும் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேர்கோடு போட்ட இடத்தில் "கரையிலிருந்து 12 மைல்" என்பதும் "அடிக்கோட்டிலிருந்து 12 மைல்" என்பதும் ஒன்றல்ல. கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு 15 மைல் தள்ளியிருக்கும் படகு, சட்டத்தின் கணக்கில் 12 மைலுக்கு உள்ளேயே இருக்கலாம். அடிக்கோட்டுக்கு உள்பக்கம் இருக்கும் துறைமுகம், கழிமுகம், காயல் எல்லாம் உள்நாட்டு நீர். அங்கே நிலத்தில் உள்ள அதே அதிகாரம்தான்.

## தூரம் கூடக் கூட அதிகாரம் எப்படி மெலிகிறது

அடிக்கோட்டுக்கு வெளியே வரும் மண்டலங்கள் மூன்று. எல்லாமே ஒரே அடிக்கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. ஒன்று முடிந்த இடத்திலிருந்து அடுத்ததை அளப்பதில்லை.

1. எல்லைக் கடல், 12 கடல் மைல் வரை. இங்கே நாட்டுக்கு முழு இறையாண்மை உண்டு. நீர், அடித்தளம், மேலே உள்ள வான்வெளி எல்லாம் நாட்டின் பகுதி. விலக்கு ஒன்றுதான்: வெளிநாட்டுக் கப்பல் தீங்கில்லாமல், நிற்காமல் கடந்துபோக உரிமை உண்டு. அப்படிப் போகும் கப்பல் வழியில் மீன் பிடித்தால் அது தீங்கில்லாப் பயணம் ஆகாது.

2. ஒட்டிய மண்டலம், 24 கடல் மைல் வரை. இது நாட்டின் பகுதி அல்ல. சுங்கம், வரி, குடிநுழைவு, சுகாதாரம் ஆகிய நான்கு விஷயங்களில் மட்டும், எல்லைக்குள் நடக்கப்போகும் மீறலைத் தடுக்கவும் நடந்துவிட்ட மீறலைத் தண்டிக்கவும் இங்கே கப்பலை நிறுத்தலாம். இந்தியாவின் 1976-ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் இதில் பாதுகாப்பையும் சேர்த்திருக்கிறது. உடன்படிக்கையில் அது இல்லை.

3. பிரத்யேகப் பொருளாதார மண்டலம், 200 கடல் மைல் வரை. இங்கே நாட்டுக்கு இருப்பது வளங்களின் மீதான உரிமை. மீன், எண்ணெய், எரிவாயு, மணல், காற்று மற்றும் அலையிலிருந்து மின்சாரம் ஆகியவற்றை எடுக்கவும் பாதுகாக்கவும் அந்த நாட்டுக்கு மட்டுமே உரிமை. செயற்கைத் தீவு, மேடை கட்டுவது, கடல் அறிவியல் ஆய்வு, கடல் சூழல் பாதுகாப்பு ஆகியவற்றில் உடன்படிக்கை வரையறுத்த அளவுக்கு அதிகாரமும் உண்டு. ஆனால் கப்பல் ஓட்டவும், விமானம் பறக்கவும், கேபிள் பதிக்கவும் எல்லா நாடுகளுக்கும் சுதந்திரம் உண்டு.

எதிரே இன்னொரு நாடு நெருங்கி இருந்தால் இந்தத் தூரங்கள் முழுதாகக் கிடைக்காது. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974-இலும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976-இலும் ஒப்பந்தம் போட்டுக் கோடு வகுத்தார்கள். கேரளத்தின் மேற்கே அந்த நெருக்கடி குறைவு. அதனால்தான் மண்டலங்களைத் தெளிவாகப் பார்க்க அந்தக் கடல் வசதியாக இருக்கிறது.

சரி, கண்டத்திட்டு என்று இன்னொன்றும் செய்தியில் வருமே? அது நீரைப் பற்றியதல்ல, அடித்தளத்தைப் பற்றியது. 200 மைல் வரை அது பொருளாதார மண்டலத்தோடு ஒன்றாகவே போகிறது. நிலத்தின் இயற்கையான நீட்சி அதற்கும் அப்பால் போவதாக நிரூபித்தால் அடித்தள உரிமை மட்டும் நீளும். இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு போதும்.

## இவை நாட்டுக்குக் கிடைத்தவை, மாநிலத்துக்கு அல்ல

குழப்பம் தொடங்கும் இடம் இது. உடன்படிக்கை பேசுவது நாடுகளிடம். 12, 24, 200 எல்லாம் கடலோர நாட்டுக்குக் கொடுக்கப்பட்டவை. அந்த நாட்டுக்குள் எந்தப் பங்கு எந்த மாநிலத்துக்கு என்று சர்வதேசச் சட்டம் சொல்வதே இல்லை. அதை ஒவ்வொரு நாடும் தன் அரசமைப்பில் முடிவு செய்கிறது.

இந்திய அரசமைப்பில் இதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. உறுப்பு 297. எல்லைக் கடல், கண்டத்திட்டு, பிரத்யேகப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றில் கடலுக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மதிப்புள்ள பொருள்கள் எல்லாம் ஒன்றியத்துக்கு உரியவை. 12 மைலுக்கு உள்ளேயும் இதுதான் நிலை.

2. ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது பதிவு. எல்லைக் கடலுக்கு அப்பால் மீன்பிடித்தலும் மீன்வளமும் ஒன்றியத்தின் பொறுப்பு.

3. மாநிலப் பட்டியலின் 21-ஆவது பதிவு. அதில் இருப்பது "மீன்வளம்" மட்டும். இதையும் 57-ஐயும் சேர்த்துப் படித்தால், 12 மைல் வரை மீன் மாநிலத்தின் பொறுப்பு என்றாகிறது. கேரளம் 1980-இலும் தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது இந்த அடிப்படையில்தான்.

கொல்லத்து மணல் கேள்விக்கான பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. மணல் கடலடிக் கனிமம். மீன் அப்படி அல்ல. கரைக்கு அப்பாலான கனிமங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைக் கடலையும் சேர்த்தே தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. உரிமம் கொடுப்பது ஒன்றியம். உரிமப் பங்குத் தொகையும் ஒன்றியத்துக்குத்தான். அந்த மணல்படுகையின் மேல் இரை தேடும் மீனைப் பிடிக்க எப்போது அனுமதிக்கலாம், எந்த வலையை விடலாம் என்பது 12 மைல் வரை மாநிலத்தின் முடிவு. மணலை அள்ளினால் அந்த மீன் என்னாகும் என்பதை மட்டும் மாநிலம் முடிவு செய்ய முடியாது. சட்டப்படி ஏலம் செல்லும் என்பது ஒரு பக்கம்; ஒரே கடலைப் பிரித்து இருவர் கையில் கொடுத்துவிட்டு, ஒருவர் முடிவின் பலனை இன்னொருவர் சுமக்க வைக்கும் ஏற்பாடு இது என்பது மறுபக்கம். கேரளத்தின் கோபம் சட்டப் பிழை பற்றியது அல்ல, இந்த ஏற்பாடு பற்றியது என்றே நான் படிக்கிறேன்.

## தடைக்காலத்தில் தெரியும் 12 மைல் கோடு

மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவினை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று புரியும். மேற்குக் கடற்கரைக்கு அப்பால், பொருளாதார மண்டலத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை விதிப்பது ஒன்றிய அரசு. எல்லைக் கடலுக்குள் தடை விதிப்பது மாநிலம். கேரளம் அண்மை ஆண்டுகளில் இழுவலைத் தடையை 52 நாளாக வைத்திருக்கிறது. அது ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை போகும்.

அப்படியானால் ஜூன் முதல் வாரத்தில் நிலைமை என்ன? 10 மைலில் இழுவலை போடும் விசைப்படகுக்குத் தடையில்லை. அதே படகு இன்னும் மூன்று மைல் மேற்கே போய் வலை விட்டால் ஒன்றிய அரசின் தடையை மீறுகிறது. கடலில் அந்த இரண்டு இடங்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஏதும் இல்லை, ஜி.பி.எஸ். திரையில் மட்டும்தான் தெரியும்.

ஜூன் 9 இரவு கொல்லத்தின் நீண்டகரையில் நடப்பது இதைவிடச் சுவாரசியமானது. அங்கே பாலத்தின் தூண்களுக்கு இடையே குறுக்காகச் சங்கிலி கட்டி, விசைப்படகுகள் கடலுக்குப் போகும் வாயை அடைத்துவிடுவார்கள். 22 கிலோமீட்டர் அகலக் கடலை ரோந்து சுற்றிக் காப்பதைவிட, படகு புறப்படும் வாயை அடைப்பது எவ்வளவோ எளிது.

மாநில நிர்வாகம் கடலுக்குள் நீள்வது பெரும்பாலும் இப்படித்தான், துறைமுகத்தின் வழியாக. படகுக்கு உரிமம் தருவது மாநில மீன்வளத் துறை. மானிய டீசல், மீன் இறங்கும் தளம் எல்லாம் கரையில், மாநிலத்தின் கையில். அதனால் 12 மைலுக்கு வெளியே ஒரு படகு என்ன செய்தது என்பதில் மாநிலத்துக்குச் சட்டப்படி வாய் இல்லாவிட்டாலும், அந்தப் படகு சாயங்காலம் வந்து சேர வேண்டிய இடம் மாநிலத்தின் துறைமுகம்தான். 12 மைலுக்கு வெளியே மீன் பிடிக்கும் இந்தியப் படகுகளுக்கென்று ஒன்றிய அரசு தனி விதிகளை வெளியிட்டது 2025-இல்தான். அதுவரை வெளிநாட்டுப் படகுகளுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. சொந்தப் படகுகளுக்கு அப்படி முழுமையான ஒன்று இருக்கவில்லை.

## 20.5 மைலில் நடந்த கொலை

மீனும் மணலும் போகட்டும், குற்றம் நடந்தால்? இதற்குத் தெளிவான விடை 2012-ஆம் ஆண்டின் என்ரிகா லெக்சி வழக்கில் கிடைத்தது.

2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலியக் கொடி ஏற்றிய எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்சி கேரளக் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அதில் கடற்கொள்ளைத் தடுப்புக்காக இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருந்தார்கள். செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். இடம் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல். அதாவது 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே.

அப்புறம் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எல்லைக் கேள்வி எழுவது தெரியும்.

1. நீண்டகரை கடலோரக் காவல் நிலையம் கொலை வழக்குப் பதிவு செய்தது. கப்பல் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. நான்கு நாளில் இரண்டு வீரர்களைக் கேரளக் காவல்துறை கைது செய்தது.

2. கேரளத்துக்கு அதிகாரமில்லை என்று இத்தாலி உயர் நீதிமன்றம் போனது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம், பொருளாதார மண்டலத்துக்கு எந்த இந்தியச் சட்டத்தையும் அறிவிக்கை மூலம் விரிவுபடுத்தலாம் என்கிறது. அப்படி 1981 ஆகஸ்ட் 27 அன்று இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அங்கே விரிவுபடுத்தப்பட்டிருந்தன. இதை வைத்து, 2012 மே மாதம் உயர் நீதிமன்றம் இத்தாலியின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

3. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஜனவரி 18 அன்று தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீரும் நீதிபதி செலமேஸ்வரும் கொடுத்த தீர்ப்பு, கேள்வியை இரண்டாகப் பிரித்தது. இந்தியச் சட்டம் அங்கே செல்லுமா என்பது ஒன்று. மாநிலக் காவல்துறை செல்லுமா என்பது இன்னொன்று. கூட்டாட்சியின் ஓர் உறுப்பான மாநிலத்தின் அதிகாரம் 12 மைலோடு முடிகிறது, அதற்கு அப்பால் நடவடிக்கை எடுக்க வேண்டியது இந்திய ஒன்றியம் என்று நீதிமன்றம் சொன்னது. விசாரணைக்குத் தனி நீதிமன்றம் அமைக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

4. இத்தாலி 2015-இல் சர்வதேச நடுவர் மன்றம் போனது. 2020 மே 21 தேதியிட்ட தீர்ப்பில், அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்திய நீதிமன்றங்களிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு என்று பெரும்பான்மை முடிவு செய்தது. அதே தீர்ப்பு, இந்தியப் படகின் கடல் பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது என்றும், இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பிறகு, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்குகளை முடித்துவைத்தது.

மூன்றாவது கட்டம்தான் நம் கேள்விக்கு முக்கியம். பலர் இந்தத் தீர்ப்பை "12 மைலுக்கு அப்பால் இந்தியச் சட்டம் கிடையாது" என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. தீர்ப்பு தடுத்தது மாநிலத்தை, ஒன்றியத்தை அல்ல. ஒரு சட்டம் ஓரிடத்தில் செல்லுபடியாவதும், அதைச் செயல்படுத்தும் அலுவலர் யார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். நிலத்தில் இரண்டுக்கும் விடை அநேகமாக ஒன்றாகவே இருப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

## பொருளாதார மண்டலம் அகலமான எல்லைக் கடல் அல்ல

ஒன்றிய அரசுக்கும் 200 மைல் வரை எல்லாம் செல்லும் என்று நினைக்கக் கூடாது. எந்த நாடும் அங்கே தன் எல்லாச் சட்டங்களையும் கொண்டுபோக முடியாது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று.

சைகா என்பது ஒரு சிறு எண்ணெய்க் கப்பல். கடலில் இருக்கும் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் விற்றுவந்தது. 1997 அக்டோபரில் கினி நாட்டின் பொருளாதார மண்டலத்தில் அப்படி டீசல் கொடுத்தது. கினியின் ரோந்துப் படகுகள் அதைத் துரத்திப் பிடித்தன. குற்றச்சாட்டு: சுங்கத் தீர்வை கட்டாமல் டீசல் கடத்தியது. 1999 ஜூலை 1 அன்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் கினிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சுங்கச் சட்டத்தை எல்லைக் கடலிலும், ஒட்டிய மண்டலத்தில் ஓரளவும் செயல்படுத்தலாம்; பொருளாதார மண்டலம் முழுவதற்கும் அதை விரிக்க முடியாது என்பது முடிவு. துரத்தியதும் விதிப்படி இல்லை. துரத்தல் தொடங்கும் முன் கண்ணுக்குத் தெரியும்படியோ காதுக்குக் கேட்கும்படியோ நிற்கச் சொல்லிச் சைகை தர வேண்டும். நடுவில் விட்டுவிட்டுத் துரத்தக் கூடாது. இழப்பீடாக கினி 21 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது.

கினி இதை மீன்வள விவகாரமாக எடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். 2014-இல் கினி-பிசாவ் தொடர்பான இன்னொரு வழக்கில், வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு எண்ணெய் நிரப்புவதை மீன்வளப் பாதுகாப்பின் பகுதியாகக் கடலோர நாடு ஒழுங்குபடுத்தலாம் என்று அதே தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. ஒரே டீசல், ஒரே கடல். வளத்தோடு தொடர்பு காட்டினால் அதிகாரம் உண்டு. வரி வருமானத்துக்காக என்றால் இல்லை. பொருளாதார மண்டலத்தில் எடுக்கப்படும் எந்த நடவடிக்கையையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

தண்டனையிலும் வரம்பு உண்டு. பொருளாதார மண்டலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்த வெளிநாட்டுப் படகைப் பிடிக்கலாம், அபராதம் விதிக்கலாம். ஆனால் நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும். சம்பந்தப்பட்ட நாடுகளிடையே ஒப்பந்தம் இல்லாமல் சிறைத்தண்டனை கொடுக்கக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 73-ஆவது உறுப்பு. எல்லைக் கடலுக்குள் பிடிபட்டவருக்கு இந்தக் காப்பு கிடையாது. அதனால், மீனவர் கைதுச் செய்தியில் முதலில் தேட வேண்டியது படகு எந்த மண்டலத்தில் பிடிபட்டது என்பதைத்தான்.

## மற்ற கூட்டாட்சிகள் பிரித்த விதம்

மாநிலத்துக்குக் கடலடியில் பங்கே இல்லை என்பது இந்தியாவின் ஏற்பாடு. உலக விதி அல்ல. அமெரிக்காவில் 1947-இல் உச்ச நீதிமன்றம் கலிபோர்னியாவின் கடலடி உரிமையை மறுத்தது. மாநிலங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1953-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, பொதுவாக 3 கடல் மைல் வரை கடலடி நிலத்தையும் எண்ணெயையும் மாநிலங்களுக்கே கொடுத்தது. டெக்சாசுக்கும், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ஃபுளோரிடாவுக்கும் அது சுமார் 9 கடல் மைல். ஆஸ்திரேலியாவில் 1975-இல் உயர் நீதிமன்றம் கடலடி முழுவதும் மத்திய அரசுடையது என்றது. 1979-இல் எட்டிய உடன்பாட்டின்படி 3 மைல் வரை மாநிலங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இரண்டு நாடுகளிலும் வரிசை ஒன்றுதான்: நீதிமன்றம் மையத்துக்குக் கொடுத்தது, அரசியல் பேச்சுவார்த்தை ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பித் தந்தது. கவனித்தால், அங்கே மாநிலத்துக்குத் தூரம் குறைவு, ஆனால் அடித்தளமும் சேர்ந்து கிடைக்கிறது. இந்தியாவில் தூரம் 12 மைல், ஆனால் கடலடி கிடையாது.

## தீங்கு கரை ஏறும்போது

கடைசியாக, மண்டலக் கணக்கில் எளிதாக அடங்காத ஒரு நிலைமை. 2025 மே 25 அன்று லைபீரியக் கொடி ஏற்றிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. அதில் 640 கொள்கலன்கள் இருந்தன. சிலவற்றில் கால்சியம் கார்பைடு. ஆலப்புழைக் கரையிலிருந்து சுமார் 14.6 கடல் மைல். மறுபடியும் 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே. அடுத்த நாள்களில் கொள்கலன்கள் கரை ஒதுங்கின. திருவனந்தபுரம் வரை மணலில் பிளாஸ்டிக் குருணைகள் வெண்மையாகப் படிந்து கிடந்தன. அவற்றைச் சலித்து எடுக்கத் தன்னார்வலர்கள் கைச்சல்லடையோடு இறங்க வேண்டியிருந்தது.

மூழ்கிய இடத்தை மட்டும் பார்த்தால் மாநிலத்துக்கு அங்கே அதிகாரமில்லை. ஆனால் கேரளம் உயர் நீதிமன்றத்தில் கடல்சார் வழக்குத் தொடுத்து 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. விபத்து எல்லைக் கடலுக்கு வெளியே நடந்ததால் மாநிலம் வழக்குப் போட முடியாது என்று எதிர்வாதம் வந்தது. மாநிலத்தின் பதில், சேதம் நடந்தது எங்கள் கடற்கரையிலும், எங்கள் மீனவர்கள் வலை விடும் நீரிலும் என்பது.

இங்கே உதவுவது 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குகள் சட்டம். அதன்படி, கடலோர மாநிலங்களின் உயர் நீதிமன்றங்கள் தம் வரம்பில் உள்ள நீரில், எல்லைக் கடல் வரை, ஒரு கப்பலைச் சிறைப்பிடிக்க உத்தரவிடலாம். சேதம் செய்த கப்பல் கடலடியில் கிடந்தால், அதே உரிமையாளரின் வேறொரு கப்பலைப் பிடித்துவைக்கவும் வழியுண்டு. அந்த ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்ற எம்.எஸ்.சி. அக்கிட்டெட்டா 2 என்ற கப்பலைப் பிடித்துவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அப்படித்தான். கப்பலை விடுவிக்க வேண்டுமானால் நீதிமன்றம் சொல்லும் தொகைக்குப் பிணை கட்ட வேண்டும்.

கேரளக் காவல்துறை 2012-இல் செய்ய முயன்றதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அப்போது மாநிலம் 20.5 மைலில் நடந்த செயலைத் தண்டிக்கப் போனது. இப்போது 14.6 மைலில் நடந்த எதையும் தொடவில்லை. தன் கரையில் விழுந்த சேதத்துக்கு, தன் துறைமுகத்துக்கு வந்த கப்பலை ஈடாகப் பிடித்தது. இரண்டுமே 12 மைலுக்கு உள்ளே. ஆனால் அதே விபத்துக்காக ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் பதிவான குற்ற வழக்குக்கு இந்தத் துணை கிடையாது. அந்த வழக்கு, 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட 12 மைல் கோட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.